பகலில் தெரியும் கேமரா இரவில் மறைவது ஏன்?

கண்காணிப்பு கேமரா பொருத்தும் தொழிலில் இருப்பவர்களுக்குப் புகார் போன்கள் பெரும்பாலும் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். "தம்பி, பின்பக்க கேமரா பகல் பூரா நல்லா இருந்துச்சு. இருட்டினதும் விட்டு விட்டு வருது. கேமரா போயிடுச்சா?" கேட்பவர் அரிசி ஆலை முதலாளியாக இருக்கலாம், கல்யாண மண்டபத்தின் மேனேஜராக இருக்கலாம். கேமராவை மாற்றிப் பார்ப்பார்கள். புது கேமராவும் அன்று இரவே அதே ஆட்டத்தை ஆடும். பழுது கேமராவில் இல்லை என்பது அப்போதுதான் புரியும். அலுவலக அறையிலிருந்து பின்வாசல் வரை ஓடும் கேபிளில்தான் சிக்கல்.

வீடுகளிலும் சிறு கடைகளிலும் இன்னும் பரவலாக இருப்பது அனலாக் எச்டி கேமராக்கள். கேபிள் டிவிக்கு வரும் வயரைப் போன்ற கோஆக்சியல் கேபிளின் முனையில் பிஎன்சி பின் மாட்டி, டிவிஆர் பெட்டியில் சொருகும் வகை. பழைய அனலாக் கேமராவின் படம் மங்கலாக இருக்கும். முகம் தெரியாது, வண்டி நம்பர் தெரியாது. அதே வயரில் தெளிவான படம் அனுப்பும் வழிகள் 2010-களின் முதல் பாதியில் வந்தன. சீனாவின் தாஹுவா நிறுவனம் சிவிஐ முறையையும், அமெரிக்காவின் டெக்பாயின்ட் நிறுவனம் டிவிஐ முறையையும், கொரியாவின் நெக்ஸ்ட்சிப் நிறுவனம் ஏஎச்டி முறையையும் கொண்டுவந்தன. மூன்றும் ஏறத்தாழ ஒரே எண்ணத்தில் பிறந்தவை. படத்தை டிஜிட்டல் எண்களாக மாற்றாமல், பழையபடி ஏறி இறங்கும் மின்னலையாகவே அனுப்புவது, ஆனால் அலையின் வேகத்தைப் பல மடங்கு கூட்டுவது. இன்றைய டிவிஆர்கள் பெரும்பாலும் மூன்றையும் தாமாகவே அடையாளம் கண்டுகொள்கின்றன.

இந்த முறைகளின் பெரிய கவர்ச்சியே தூரம்தான். இதற்கு முன் இருந்த எச்டி-எஸ்டிஐ என்ற டிஜிட்டல் முறை சாதாரண ஆர்ஜி-59 கேபிளில் 100 மீட்டரைத் தாண்டத் திணறியது. எல்லையைக் கடந்தால் படம் மங்குவதில்லை, ஒரேயடியாக நின்றுவிடும். அனலாக் எச்டியில் 2 மெகாபிக்ஸல் கேமராவுக்கு, அதாவது 1080பி படத்துக்கு, நல்ல கேபிளில் 300 முதல் 500 மீட்டர் வரை என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அது பொய் அல்ல. ஆனால் அந்தக் கணக்கு வீடியோவுக்கு மட்டும். கேமராவுக்குக் கரன்ட் எப்படிப் போய்ச் சேரும் என்பது அதில் வராது. நடைமுறையில் முதலில் தீர்ந்துபோவது வீடியோ அல்ல, கரன்ட்தான்.

இங்கே பெரும்பாலும் இழுக்கப்படுவது 3+1 கேபிள். ஒரே வெள்ளை உறைக்குள் மெல்லிய கோஆக்சியல் ஒன்றும், கூடவே மூன்று வயர்களும் இருக்கும். சிவப்பும் கறுப்பும் 12 வோல்ட் கொண்டுபோக, மூன்றாவது மைக்குக்கு அல்லது சும்மா. 90 மீட்டர், 180 மீட்டர் சுருள்களாகக் கடையில் கிடைக்கும். அலுவலகத்தில் டிவிஆருக்குப் பக்கத்தில் எஸ்எம்பிஎஸ் பெட்டி ஒன்று இருக்கும். எல்லா கேமராக்களுக்கும் 12 வோல்ட் அங்கிருந்தே கிளம்பும். வேலை சுத்தம், செலவு குறைவு. இருபது முப்பது மீட்டருக்குள் இதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

இப்போது அந்த அரிசி ஆலையை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அலுவலகத்திலிருந்து பின்வாசல் கேமராவுக்குக் கேபிள் ஓடும் தூரம் 120 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே இருக்கும் பவர் வயர் 0.25 சதுர மில்லிமீட்டர் செம்பு. அந்தத் தடிமனில் ஒவ்வொரு மீட்டருக்கும் ஏறத்தாழ 0.07 ஓம் தடை இருக்கும். கரன்ட் சிவப்பில் போய்க் கறுப்பில் திரும்ப வேண்டும் என்பதால் கணக்கில் வருவது 240 மீட்டர். மொத்தத் தடை 16.8 ஓம்.

பகலில் அந்த கேமரா இழுப்பது 1.2 வாட் என்று கொள்வோம். வழியில் இரண்டு வோல்ட் விழுந்து, கேமராவுக்கு 10 வோல்ட் போய்ச் சேரும். 12 வோல்ட்டில் 25 சதவீதம் கூடலாம், குறையலாம் என்பது இவ்வகை கேமராக்கள் பலவற்றின் விவரத்தாளில் காணும் வரம்பு. அதாவது 9 வோல்ட் வரை தாங்கும். ஆகவே 10 வோல்ட்டில் படம் பளிச்சென்று வரும். வேலை முடிந்தது என்று பொருத்தியவர் பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

இருட்டியதும் கேமராவின் ஐஆர் விளக்குகள் எரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த வெளிச்சத்துக்காக கேமரா இப்போது 3 வாட் கேட்கிறது.

சாதாரண பல்பாக இருந்தால் வோல்ட் குறையக் குறைய அது மங்கலாக எரியும், இழுக்கும் கரன்ட்டும் குறையும். கேமரா அப்படி அல்ல. அதற்குள் இருக்கும் ஸ்விட்சிங் ரெகுலேட்டருக்கு உள்ளே தேவையான வாட் கிடைத்தே ஆக வேண்டும். வோல்ட் குறைந்தால் அது கரன்ட்டை அதிகமாக இழுக்கும். கரன்ட் கூடினால் வயரில் விழும் வோல்ட் இன்னும் கூடும், கேமராவுக்கு வந்து சேர்வது இன்னும் குறையும், உடனே அது இன்னும் இழுக்கும். இந்தத் துரத்தலுக்கு ஒரு முடிவு உண்டு. ஒரு வயர் மறுமுனைக்குக் கொடுக்கக்கூடிய அதிகபட்ச வாட், கிளம்பும் வோல்ட்டைத் தன்னாலேயே பெருக்கி, தடையின் நான்கு மடங்கால் வகுத்தால் வரும் எண். இங்கே 144-ஐ 67.2-ஆல் வகுத்தால் கிடைப்பது 2.14 வாட். எஸ்எம்பிஎஸ் 5 ஆம்பியர் ஆனாலும் 20 ஆம்பியர் ஆனாலும் அந்த வயரின் மறுமுனையில் 2.14 வாட்டுக்கு மேல் கிடைக்காது. கேமரா கேட்பதோ 3 வாட்.

என்ன நடக்கும் என்பதைச் சாயங்காலம் ஏணி போட்டு ஏறி நின்றால் காதாலேயே கேட்கலாம். லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டிக் கண்ணாடி இரவு நிலைக்கு நகரும்போது 'டிக்' என்று ஒரு சத்தம். ஐஆர் விளக்குகள் லேசான சிவப்பில் கண் விழிக்கும். வோல்ட் சரியும், கேமரா அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லாததால் வோல்ட் மறுபடி 12-க்கு ஏறும். கேமரா புதிதாக எழுந்து, சில நொடி படம் காட்டி, இருட்டைப் பார்த்து மறுபடி 'டிக்'. விடியும் வரை இதே கூத்து. டிவிஆரின் பதிவுக் குறிப்பில் 'வீடியோ லாஸ்' என்று வரிசையாக விழுந்திருக்கும். எல்லாம் இரவு நேரத்தில் மட்டும் விழுந்திருந்தால் பவர் வயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இதை அளந்து பார்க்கும் விதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பகலில் கேமராவின் டிசி பின்னைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும். 120 மீட்டர் என்ன, 400 மீட்டர் ஆனாலும் 12 தான் காட்டும். மீட்டர் இழுக்கும் கரன்ட் இல்லாத மாதிரிதான், கரன்ட் ஓடாத வயரில் வோல்ட் விழாது. "பவர் சரியாத்தான் இருக்கு, கேமராதான் போச்சு" என்ற தவறான தீர்ப்பு இங்கிருந்து பிறக்கிறது. கேமரா இணைப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும். அதுவும் கேமராவின் முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, இரவு என்று அதை நம்பவைத்து, ஐஆர் எரியும்போது அளக்க வேண்டும். அப்போது மீட்டர் 10-க்கு மேல் நின்றால் நிம்மதி. 9-ஐ ஒட்டி ஆடினால் அடுத்த புகார் போன் நிச்சயம்.

தீர்வு என்று முதலில் கைபோகும் இடம் எஸ்எம்பிஎஸ்-ஸில் இருக்கும் சிறு திருகு. அதைத் திருப்பினால் 12 வோல்ட் 13.5 ஆகும். ஆலைக் கணக்கில் அதிகபட்சம் 2.14 வாட்டிலிருந்து 2.7 வாட்டுக்கு உயரும், போதாது. இரண்டாவது கைப்பழக்கம், சும்மா கிடக்கும் மூன்றாவது வயரைக் கறுப்போடு சேர்த்து முறுக்குவது. தடை 12.6 ஓம் ஆகும், அதிகபட்சம் 2.86 வாட். இதுவும் மயிரிழையில் போதாது. இரண்டையும் சேர்த்துச் செய்தால் கேமரா ஏறத்தாழ 9.5 வோல்ட்டில் ஓடும். ஓடும்தான், ஆனால் ஒரு பின்னில் துரு ஏறினாலும், இணைப்பு லேசாகத் தளர்ந்தாலும் பழைய கதை திரும்பும். திருகைத் திருப்பும்போது இன்னொன்றும் உண்டு. அதே பெட்டியிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் கேமராவுக்கும் முழு 13.5 வோல்ட் போகிறது. அதன் மேல் வரம்பு எவ்வளவு என்று பார்க்காமல் திருப்பக்கூடாது.

சரியான வழி, வீடியோவையும் கரன்ட்டையும் பிரிப்பது. பின்வாசலுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரைத் தனியாக இழுத்தால், போகவர மொத்தத் தடை 4 ஓம் சொச்சம்தான். இரவில் 3 வாட் இழுத்தாலும் கேமராவுக்கு 10.8 வோல்ட் கிடைக்கும். 1.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் 11 வோல்ட்டைத் தாண்டும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் அதே வயர்தான், தேடி அலைய வேண்டியதில்லை.

வயரின் தடிமன் மட்டும் போதாது, அது எதனால் ஆனது என்பதும் முக்கியம். மலிவான சுருள்களில் செம்பு என்று நினைத்து வாங்குவது பல நேரம் செம்பு பூசிய அலுமினியம். தடை ஒன்றரை மடங்குக்கு மேல் இருக்கும். மேலே போட்ட கணக்கில் 16.8 ஓம் என்பது 26 ஓம் பக்கம் போய்விடும். கண்டுபிடிப்பது எளிது. பிளேடால் இழையைச் சுரண்டினால், மேலே சிவப்பும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால் அலுமினியம். ஈயம் பூசிய நல்ல செம்பு இதற்கு நேர் எதிர், மேலே வெள்ளை, உள்ளே சிவப்பு.

மூன்றாவது வழி, பின்வாசல் காவலர் அறையில் இருக்கும் பிளக்கில் சின்ன 12 வோல்ட் அடாப்டரை மாட்டி, கேமராவுக்கு அங்கேயே கரன்ட் கொடுப்பது. வோல்ட் விழும் பிரச்சினை அடியோடு ஒழியும். ஆனால் இது வேறொரு தொல்லைக்குக் கதவைத் திறக்கிறது. கேமரா இரும்புக் கம்பத்தில் திருகப்பட்டிருக்கிறது, கம்பம் மண்ணில் நிற்கிறது. டிவிஆர் அலுவலகத்தின் எர்த்தில் நிற்கிறது. இரண்டு இடத்து எர்த்துக்கும் இடையே சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தால், அந்த 50 ஹெர்ட்ஸ் கரன்ட் கோஆக்சியலின் பின்னல் உறை வழியே ஓடத் தொடங்கும். படத்தில் அது அகலமான மங்கல் பட்டைகளாகத் தெரியும். நொடிக்கு 25 படம் என்றால் ஒரு படத்துக்கு இரண்டு பட்டை. அவை மெதுவாக மேலோ கீழோ நகர்ந்துகொண்டே இருக்கும். மெதுவாக நகரும் பட்டையைப் பார்த்தால் கேமராவையோ டிவிஆரையோ மாற்றுவதில் அர்த்தமில்லை. கேமராவுக்குத் தற்காலிகமாக ஒரு 12 வோல்ட் பேட்டரியைக் கொடுத்து, கேமராவைக் கம்பத்திலிருந்து கழற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பட்டை மறைந்தால் எர்த் சுழல்தான். கம்பத்துக்கும் கேமராவுக்கும் நடுவே பிளாஸ்டிக் பெட்டி வைத்துப் பிரிப்பது ஒரு மருந்து. டிவிஆர் பக்கம் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்னக் குப்பியை மாட்டுவது இன்னொன்று. எச்டி சிக்னலுக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை வாங்க வேண்டும். பழைய கேமராக்களுக்கான ஐசொலேட்டர் பட்டையோடு சேர்த்து படத்தின் கூர்மையையும் விழுங்கிவிடும்.

பின்னல் உறை இன்னொரு வேடிக்கையும் காட்டும். கேமராவுக்குள் பவரின் மைனஸும் பிஎன்சியின் வெளிவளையமும் பெரும்பாலும் ஒன்றாகவே இணைந்திருக்கும். எல்லா கேமராக்களின் மைனஸும் எஸ்எம்பிஎஸ்-ஸில் சேர்கிறது, எல்லாப் பின்னல் உறையும் டிவிஆரில் சேர்கிறது. எனவே ஒரு கேமராவின் கறுப்பு வயர் எங்காவது அறுந்துபோனாலும் அது சாகாது. கரன்ட் தன் வீடியோ உறை வழியே டிவிஆருக்கு வந்து, பக்கத்து கேமராக்களின் உறைகள் வழியே சுற்றி எஸ்எம்பிஎஸ்-ஸுக்குப் போய்ச் சேரும். எல்லாம் ஓடுவது போலத் தெரியும், ஆனால் இரவில் ஐஆர் எரிந்ததும் நாலைந்து கேமராக்களில் ஒரே நேரத்தில் மெல்லிய கோடுகள் ஓடும். கோடு தெரியும் கேமராக்களில் பழுது இல்லை. ஐந்தாவதாக ஒன்றில் அறுந்த வயர் இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் அப்போது டிவிஆரில் பிஎன்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். எதைக் கழற்றும்போது மற்றவற்றில் கோடு மறைகிறதோ அதுதான் குற்றவாளி.

கரன்ட் சரியாகிவிட்டது என்றால் அடுத்தது படம். 120 மீட்டரில் அதற்குப் பெரிய கவலை இல்லை. அதே ஆலையின் நெல் களத்துக்கு 300 மீட்டர் இழுக்க வேண்டும் என்றால்தான் கேபிள் வீடியோவை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கும்.

கோஆக்சியல் எல்லா அலைகளையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. மெதுவான அலைகள் அதிகம் தேயாமல் போய்ச் சேரும், வேகமானவை அதிகம் தேயும். அலையின் வேகம் நான்கு மடங்கானால் டெசிபெல் கணக்கில் இழப்பு இரு மடங்கு என்பது உத்தேச விதி. பழைய அனலாக் கேமராவின் படம் 6 மெகாஹெர்ட்ஸுக்குள் அடங்கியது. 1080பி-யின் படமோ அதைப்போல ஐந்து மடங்கு வரை விரியும். சுமார் 30 மெகாஹெர்ட்ஸில் சாதாரண ஆர்ஜி-59 கேபிள் 100 மீட்டருக்கு ஏறத்தாழ பாதியைத் தின்றுவிடும். 200 மீட்டரில் கால் பங்கு, 300 மீட்டரில் எட்டில் ஒரு பங்கு எஞ்சும். 3+1 கேபிளுக்குள் இருக்கும் மெல்லிய கோஆக்சியல் இதைவிட மோசம். தடித்த ஆர்ஜி-6 இதைவிட மேல்.

படத்தில் இது எப்படித் தெரியும்? பெரிய வெளிச்சமும் இருட்டும் மெதுவான அலைகளில் இருக்கின்றன. வானம், சுவர், தரை எல்லாம் அப்படியே வரும். கூர்மை வேகமான அலைகளில் இருக்கிறது. அதனால் முதலில் போவது நெல் மூட்டையின் தையல், லாரியின் நம்பர், ஜன்னல் கம்பி. நிறத்தைச் சுமக்கும் அலையை இந்த முறைகள் வரிசையின் மேல் பகுதியில் வைத்திருப்பதால் அதற்கும் அடி பலமாக விழும். சிவப்புச் சட்டை செங்கல் நிறமாகும், பிறகு அதில் நிறப் பொரிகள் மொய்க்கும். இன்னும் தூரம் போனால் படம் கறுப்பு வெள்ளையாகி, கடைசியில் வரிசை கலைந்து உருளும். பகல் வெளிச்சத்தில் நிறம் இப்படித் தேய்ந்து, வோல்ட்டும் சரியாக இருந்தால் வீடியோ கேபிளின் நீளத்தையோ தரத்தையோ பார்க்க வேண்டும். இரவில் ஐஆர் எரியும்போது படம் கறுப்பு வெள்ளையாவது கேமராவின் இயல்பு. அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டிவிஆர் சும்மா இருப்பதில்லை. கேபிள் எவ்வளவு தின்றிருக்கிறது என்று ஊகித்து, தேய்ந்த வேகமான அலைகளைத் தூக்கிவிடும் ஈக்வலைசர் அதன் ஒவ்வொரு வாயிலிலும் இருக்கிறது. 500 மீட்டர் என்ற பேச்சே அதை நம்பித்தான். ஆனால் தூக்கும்போது சிக்னலோடு சேர்ந்து இரைச்சலும் தூக்கப்படுகிறது. அதனால்தான் நீள கேபிளின் படம் வெறுமனே மங்கலாக இல்லாமல், மணல் தூவியதுபோலப் பொரிப்பொரியாக இருக்கிறது.

கேபிள் டிவிக்கு இழுத்து மீந்த ஆர்ஜி-6 கிடந்தால் அதையே போட்டுவிடலாம் என்று நினைப்பது இயல்பு. தடியான கேபிள்தானே! ஆனால் டிவி கேபிள் பலவற்றின் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு. மிக வேகமான அலைகள் கம்பியின் தோலில் மட்டுமே ஓடும். 10 மெகாஹெர்ட்ஸில் செம்பில் அவை இறங்கும் ஆழம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. டிவி சேனல்கள் எல்லாம் பல பத்து மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடுவதால் பூச்சே அவற்றுக்குப் போதும், உள்ளே இரும்பு இருந்தாலும் தெரியாது. கேமராவின் படம் அப்படி அல்ல. அது ஏறத்தாழ சுழியிலிருந்தே தொடங்குகிறது. படத்தின் வெளிச்ச அளவும், வரி எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமும் மெதுவான அலைகளில்தான் இருக்கின்றன. அவை கம்பியின் உள்ளே வரை பரவி ஓட வேண்டும், அங்கே இரும்பு தடுக்கிறது. கூர்மையெல்லாம் இருந்தும் படம் இருண்டோ, நிலையில்லாமலோ வருவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. ஒரு காந்தத் துண்டைப் பையில் வைத்திருந்தால் போதும். நடுக்கம்பி ஒட்டினால் அந்தச் சுருள் கேமரா வேலைக்கு வேண்டாம்.

கேபிள் நல்லதாக இருந்தும் இணைப்பு கெடுக்கலாம். 300 மீட்டருக்கு இரண்டு மூன்று சுருள் வேண்டும், நடுவில் ஒட்டுப் போட வேண்டும். நடுக்கம்பிகளை முறுக்கி, பின்னலை முறுக்கி, டேப் சுற்றும் பழக்கம் பழைய கேமராக்களின் காலத்தில் தப்பித்துக்கொண்டது. எச்டி அதை மன்னிப்பதில்லை. கோஆக்சியலின் 75 ஓம் இலக்கணம் அந்த இடத்தில் உடைந்து, அலையில் ஒரு பகுதி எதிரொலிக்கும். ஒட்டுக்கும் டிவிஆருக்கும் இடையே 20 மீட்டர் என்றும், டிவிஆர் பக்கத்துப் பின்னும் சரியில்லை என்றும் வைத்துக்கொண்டால், எதிரொலி போய்வர 200 நானோ நொடி ஆகும். நொடிக்கு 25 படம் காட்டும் 1080பி-யில் அது 15 புள்ளிகள். கம்பத்துக்கு வலப்பக்கம் 15 புள்ளி தள்ளி இன்னொரு மங்கலான கம்பம் நிற்கும். நிழல் உருவம் தெரிந்தால் ஒட்டைத் தேட வேண்டும். இரு முனையிலும் அழுத்திப் பொருத்தும் பிஎன்சி மாட்டி, நடுவே இணைப்பான் வைத்து, தண்ணீர் புகாத பெட்டிக்குள் அடைப்பதுதான் வழி. திருகு பின்கள் வேலை சுலபம், ஆனால் ஆறு மாதத்தில் தளரும்.

மழைக்காலத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. டேப் ஒட்டுக்குள் நுழைந்த நீர் பின்னலின் இழைகள் வழியே ஊர்ந்து போகும். ஐப்பசியில் நிறம் வெளிறிய கேமரா தை மாதம் வெயில் அடித்தும் தேறாது. செம்பு பச்சை பூத்திருக்கும். ஒட்டின் இரு பக்கமும் ஓரிரு மீட்டரை வெட்டி எறியாமல் அது சரியாகாது.

இத்தனையும் செய்தும் களத்துக் கேமரா பொரிகிறது என்றால், கேபிளை மாற்றுவதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. கேமராவை இறக்கிக் கொண்டுவந்து ஒரு மீட்டர் கேபிளில் டிவிஆரோடு இணைத்துப் பார்ப்பது. படம் பளிச்சென்றால் குற்றம் வழியில்தான். அப்போது கேமராவையே கொஞ்சம் இறக்கலாம். 5 மெகாபிக்ஸல் கேமராவை மெனுவில் 2 மெகாபிக்ஸலாகவோ, 1080பி-யை 720பி-யாகவோ மாற்றினால் அலையின் வேகம் குறையும், அதே கேபிளில் பொரி அடங்கும். புள்ளிகள் குறைந்தும் நம்பர் பிளேட் தெளிவாகப் படிக்கக் கிடைப்பது இந்த இடத்தில் நடக்கும். 300 மீட்டரில் 5 மெகாபிக்ஸல் கேட்பவரிடம் இதை விளக்குவதுதான் கடினம். அவர் காசு கொடுத்தது ஐந்துக்கு.

பொரி கண்ணை உறுத்துவதோடு நிற்பதில்லை. டிவிஆர் படத்தை எச்.265 முறையில் சுருக்கும்போது, முந்தைய படத்திலிருந்து மாறாத பகுதிகளை மறுபடி எழுதாமல் இடத்தைச் சேமிக்கிறது. ஆள் நடமாட்டமே இல்லாத களம் இரவெல்லாம் கொஞ்ச இடத்தில் அடங்க வேண்டும். பொரி நொடிக்கு 25 முறை இடம் மாறுவதால் எல்லாமே அசைகிறது என்று டிவிஆர் நினைத்துக்கொள்கிறது. பதிவின் அளவைத் தளர்வாக விட்டிருந்தால் ஹார்டு டிஸ்க் சீக்கிரம் நிறைந்து, முப்பது நாள் இருக்க வேண்டிய பதிவு முன்கூட்டியே அழிந்துபோகும். அளவை இறுக்கிக் கட்டியிருந்தால் கிடைக்கும் இடத்தைப் பொரியே பிடித்துக்கொண்டு, ஓடும் ஆளின் முகத்துக்குக் கட்டம் கட்டமான மிச்சம்தான் கிடைக்கும். நேரலையில் பார்க்கும்போது சுமாராகத் தெரிந்த கேமரா, திருட்டு நடந்த மறுநாள் பதிவைத் திருப்பிப் பார்க்கையில் கைவிடுவது இதனால்தான். கேமரா பொருத்தி முடித்ததும் நேரலையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாமல், அன்றிரவுப் பதிவை மறுநாள் காலையில் திரையளவுக்குப் பெரிதாக்கி, யாராவது நடந்துபோகும் இடத்தில் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பொருத்தியவருக்கான கடைசித் தவணையை அதுவரை கையில் வைத்திருக்கலாம்.